அழைப்புக்கு முன் ஒரு கேள்வி: சீனியர் கியூஏ எஞ்சினியர் வேலை ரிமோட்டா, ஹைப்ரிட்டா, ஆன்சைட்டா?

வணக்கம்,

லிங்க்ட்இனில் நீங்கள் அனுப்பிய செய்தி கிடைத்தது. என் விபரங்களைப் பார்த்து நேரடியாக எழுதியதற்கு நன்றி. வேலை எனக்குப் பொருத்தமாகத்தான் தெரிகிறது. பணம் செலுத்தும் செயலிகளுக்கு ஆட்டோமேஷன் டெஸ்டிங் செய்வதுதான் இப்போதும் என் வேலை.

வியாழக்கிழமை அரை மணித்தியாலம் கதைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நேரம் சொல்ல முன்னம் ஒன்றைத் தெளிவாக அறிய வேண்டும். இது முழுக்க ரிமோட்டா, ஹைப்ரிட்டா, ஆன்சைட்டா? விளம்பரத்தில் 'கொழும்பு, ஹைப்ரிட்' என்று போட்டிருக்கிறது. உங்கள் செய்தியிலோ 'நெகிழ்வான முறை, வீட்டிலிருந்தும் செய்யலாம்' என்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிழமைக்கு எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

நான் இருப்பது கொக்குவிலில். கொழும்பிலேயே இருப்பவருக்கு ஹைப்ரிட் என்றால் கிழமையில் இரண்டு நாள் ட்ராஃபிக்கில் நிற்கிற கதை. எனக்கு அது ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு பஸ் ஏறினால் விடியப்புறம் வெள்ளவத்தையில் இறங்கலாம், ஆனால் அப்படி வந்து நேரே அலுவலகத்தில் உட்கார்ந்து ஒழுங்காக வேலை பார்க்க முடியாது. அம்மாவும் என்னோடுதான் இருக்கிறா. மாதம் ஒருமுறை அவவை யாழ் போதனா வைத்தியசாலை கிளினிக்குக் கூட்டிப்போவது நான்தான். அதனால் கொழும்பில் அறை எடுத்துத் தங்குவது எனக்குச் சரிவராது.

முன்பு ஒரு நிறுவனத்தில் மூன்று நேர்முகம் முடிந்து, நியமனக் கடிதமும் வந்த பிறகுதான், தகுதிகாண் காலமான ஆறு மாதமும் தினமும் அலுவலகம் வர வேண்டும் என்று சொன்னார்கள். முதல் அழைப்பில் 'ஹைப்ரிட்தான், பிரச்சினை இல்லை' என்றவர்கள் அவர்கள். அந்த வேலையை நான் விட வேண்டியதாகிவிட்டது. அவர்களுக்கும் ஒரு மாதத்துக்கு மேல் வீண். அதனால்தான் இப்போது எல்லாரிடமும் முதலிலேயே, எழுத்தில் கேட்டுவிடுகிறேன்.

ஹைப்ரிட் என்றால் எத்தனை நாள், எந்த நாட்கள் என்று சொல்லுங்கள். மாதத்தில் மூன்று நாலு நாள், அதுவும் அடுத்தடுத்த நாட்களாக இருந்தால், நான் தாராளமாக வருவேன். ஒவ்வொரு கிழமையும் செவ்வாயும் வியாழனும் என்றால் முடியாது. தகுதிகாண் காலத்துக்கு வேறு விதி இருக்கிறதா? இந்த ஒழுங்கு நியமனக் கடிதத்திலேயே எழுதப்படுமா, அல்லது டீம் லீட் மாறினால் அதுவும் மாறுமா? வாடிக்கையாளர் லண்டன் நிறுவனம் என்று எழுதியிருந்தீர்கள். அலுவலக நாட்களைத் தீர்மானிப்பது அவர்களா, கொழும்பு அலுவலகமா என்பதும் தெரிந்தால் நல்லது.

முழு ரிமோட் என்றால் இன்னொரு விஷயம் கேட்க வேண்டும். அது நிரந்தர வேலையா, சுயாதீன ஒப்பந்தமா? நிரந்தரம் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் 12 வீதம் போடும், என் சம்பளத்தில் 8 வீதம் கழியும். ஊழியராக இல்லாமல் சுயாதீன ஒப்பந்தக்காரராக எடுத்தால் அது இல்லை, ஆகவே சம்பளத்தை வேறு மாதிரித்தான் பார்க்க வேண்டும். எந்த வகை என்று தெரியாமல் எதிர்பார்க்கும் சம்பளத்தை நான் சொல்வது சரியில்லை.

வேலை நேரத்தில் எனக்குப் பிரச்சினை இல்லை. லண்டனில் பின்னேரம் மூன்று மணிக்கு மீட்டிங் என்றால் அவர்களுடைய கோடையில் நமக்கு இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. இப்போதும் அப்படித்தான் செய்கிறேன். வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. கரண்ட் போனாலும் ரவுட்டரும் லப்டொப்பும் ஓட இன்வர்ட்டர் வைத்திருக்கிறேன்.

தினமும் அலுவலகம் வர வேண்டிய வேலை என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள். நமக்குள் ஒரு மனவருத்தமும் இல்லை. கொழும்பிலேயே இருக்கிற, இதே அனுபவமுள்ள இரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டு, விருப்பம் என்றால் உங்களோடு தொடர்புபடுத்தி விடுகிறேன்.

நிறுவனத்திடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றால் ஆறுதலாகக் கேட்டுச் சொல்லுங்கள், வியாழன்தான் என்றில்லை. பதில் எனக்குச் சரிவந்தால், வேலை நாட்களில் மாலை 5.30க்குப் பிறகு எந்த நாளும் கதைக்கலாம். இப்போதைய வேலைக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நன்றி,
தர்ஷினி
கொக்குவில், யாழ்ப்பாணம்