லேயுவர் பெயர் அட்டவணை

நம் கதையில் உப்பங்கழித் தீவில் வாழும் லேயுவருக்கு இனி எல்லாப் பெயரும் இதிலிருந்தே வரட்டும். அத்தியாயம் எழுதும்போது தோன்றிய பெயரை வைத்தால், ஒருவர் வடநாட்டுக்காரராகவும் அடுத்தவர் ஜப்பானியராகவும் ஒலிக்கிறார்கள்.

| முதல் | நடு (தாய்வழி வீடு) | பெண் ஈறு | ஆண் ஈறு |
|---|---|---|---|
| லே | த | ழே | ருல் |
| ரூ | கி | யோ | தெம் |
| ஞொ | ணு | வெய் | கொர் |
| மை | ரெ | னூ | மிழ் |
| நீ | வோ | லா | ணம் |
| வெ | ழ | | |
| யோ | | | |
| ளா | | | |
| ழு | | | |
| ரை | | | |

முதல் பத்தியில் ல, ர, ள, ழ வேண்டுமென்றே நிற்கின்றன. தமிழ்ச் சொல் இவற்றில் தொடங்காது என்பது தொல்காப்பிய இலக்கணம். அதை மீறியதுமே காது "இவர்கள் நம்மவர் இல்லை" என்று சொல்லிவிடும். ஜ, ஷ, ஸ, ஹ வேண்டாம். பெயர் சட்டென வடமொழியாகிவிடும். க்க, த்த, ட்ட போன்ற இரட்டிப்பும் வேண்டாம். அது தமிழின் தாளம்.

நடு எழுத்துதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆறு எழுத்து, ஆறு வீடு. ரூகியோவும் மைகிதெம்மும் ஒரே தாய்வழி என்று நாம் சொல்லாமலே வாசகர் பிடித்துக்கொள்வார். சடங்கு முடியாத குழந்தைக்கு நடு எழுத்து கிடையாது: யோருல், ளாவெய்.

கணக்கு: மூன்று துண்டில் 10 × 6 × 10 = 600. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் நாக்கு இடறுகிறது (வெவோலா, லேததெம்). அப்படி 96 போயின. த-வுக்குப் பின் மிழ் வந்தால் லேதமிழ், ரூதமிழ் என்று நம் மொழியின் பெயரே நுழைகிறது. அந்தப் 10-ம் நீக்கம். மீதி 494. இரண்டு துண்டில் 100-இல் இடறும் 7-ஐயும், நீலா, நீயோ, மையோ, மயிலாப்பூரை நினைவூட்டும் மைலா ஆகிய 4-ஐயும் அடித்தபின் 89. ஆக 583.

ஷீட்டில் பெண் பெயருக்கு:

```
=INDEX(A2:A11,RANDBETWEEN(1,10))&INDEX(B2:B7,RANDBETWEEN(1,6))&INDEX(C2:C6,RANDBETWEEN(1,5))
```

ஆணுக்கு C-க்குப் பதில் D. அடித்தவை இதில் தானாக விலகாது, கண்ணால் பார்த்துக் கழியுங்கள். துண்டு எதுவும் உயிரெழுத்தில் தொடங்கக் கூடாது; உயிரில் முடியும் துண்டை அடுத்து வந்தால் ஒட்டாமல் நிற்கும்.

ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம். நம் சென்னைப் பேச்சில் ழ, ள, ல குழம்பும், "வாயப்பயம்" ஆகிவிடும். ஆகவே இந்த மூன்றும் முதல் பத்தியில் வேறு வேறு உயிரோடுதான் வருகின்றன: லே, ளா, ழு. புதிய பெயரைப் போனில் அத்தையிடம் சொல்லி எழுதச் சொல்கிறேன். சரியாக எழுதினால் வைத்துக்கொள்கிறேன்.

முதல் அத்தியாயத்துக்கு: ஞொவோருல், மைணுவெய், யோழகொர், ளாரெமிழ், நீவோலா. இதில் ஞொவோருலும் நீவோலாவும் அண்ணன் தங்கை.