தேரே இல்லாத கோயிலுக்குத் தேர்த் திருப்பணி வசூல்

[கோயில் வாசல். பேசுபவர் கையில் செல்போன்.]

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு அலங்காரமும் இல்லை, அபிஷேகமும் இல்லை. மூன்று நிமிடம் கேளுங்கள், விஷயம் பணம் சம்பந்தப்பட்டது.

நேற்று ஓர் அம்மா கோயிலுக்கு போன் செய்தார். "தேர்த் திருப்பணிக்கு 5,001 ரூபாய் அனுப்பி ஒரு வாரம் ஆச்சு, பிரசாதம் இன்னும் வரலையே?" என்று கேட்டார். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், நம் அம்மன் சப்பரத்தில்தான் வீதி உலா வருவாள். நம் கோயிலுக்குத் தேரே கிடையாது! விசாரித்தால், நம் யூடியூப் சேனல் மாதிரியே ஒரு போலிச் சேனல் வைத்து யாரோ வசூல் செய்கிறார்கள்.

[திரையில் இரண்டு சேனல்கள் பக்கத்தில் பக்கத்தில்.]

இடது பக்கம் இருப்பது நாம். வலது பக்கம் இருப்பவர் யாரென்று நமக்கும் தெரியாது. அதே அம்மன் படம், அதே பெயர். ஆனால் @ போட்டு வரும் பெயரைப் பாருங்கள். நம் பெயருக்குப் பின்னால் _official என்று ஒட்டியிருக்கிறார்கள். நாம் அப்படி எதுவும் போட்டதில்லை. சேனல் விவரத்தைத் திறந்தால் தொடங்கிய தேதி வரும். நாம் 2019-லிருந்து இருக்கிறோம். அது தொடங்கி பன்னிரண்டு நாள்தான் ஆகிறது. உள்ளே மூன்றே வீடியோ, மூன்றும் நம் போன வருடத் தீமிதியிலிருந்து வெட்டி எடுத்தவை.

இவர்கள் ஆள் பிடிப்பது நம் வீடியோவின் கமெண்ட்டில்தான். யாராவது "என் பையனுக்கு உடம்பு சரியாகணும் தாயே" என்று எழுதினால், உடனே அதன் கீழே ஒரு பதில் வரும்: "உங்கள் மகன் பெயர், நட்சத்திரம் அனுப்புங்கள், சிறப்பு அர்ச்சனை செய்கிறோம், வாட்ஸ்அப்புக்கு வாருங்கள்." நோய் நொடியில் இருப்பவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதுதான் வயிறு எரிகிறது. யூடியூபில் நாம் பதில் எழுதினால் நம் பெயர் ஒரு கட்டத்துக்குள் நிறம் போட்டுத் தெரியும். அந்தக் கட்டம் இல்லையென்றால் எழுதியது நாம் இல்லை. எப்படியும், யாரையும் நாம் வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ கூப்பிடுவதே கிடையாது.

[வசூல் நோட்டீஸ். க்யூஆர் கோடு மறைக்கப்பட்டிருக்கிறது.]

இதுதான் அவர்கள் அனுப்பும் நோட்டீஸ். க்யூஆர் கோடை மறைத்துத்தான் காட்டுகிறேன். எச்சரிக்கை வீடியோவைப் பார்த்தே யாராவது ஸ்கேன் செய்துவிட்டால் என்ன செய்வது? நீங்களும் இதை "உஷார்" என்று எழுதி குரூப்பில் அப்படியே அனுப்பாதீர்கள். நாலு பேர் கை மாறினால் "உஷார்" போய்விடும், கோடு மட்டும் நிற்கும்.

இந்தக் கோடை ஸ்கேன் செய்தால் பணம் போவதற்கு முன்பே யாருக்குப் போகிறது என்ற பெயர் திரையில் வரும். அங்கே வந்தது கோயில் பெயர் இல்லை, ஒரு தனி ஆளின் பெயர். அது யாரென்று சொல்ல மாட்டேன். கமிஷன் தருகிறோம் என்று யாரோ ஒரு அப்பாவியின் வங்கிக் கணக்கை வாங்கி ஓட்டுகிறார்களோ என்னவோ, போலீஸ் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சேனல் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. இங்கே வீடியோ மட்டும்தான். நம் கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் இருக்கிறது. காணிக்கை என்றால் உண்டியல், நன்கொடை என்றால் கோயில் அலுவலகம். கையோடு ரசீது வாங்குங்கள். வெளியூரில் இருந்தால் அலுவலகத்துக்கு போன் போட்டு, செயல் அலுவலரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். சேனல் நடத்தும் நானே வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

சரி, ஏற்கெனவே அனுப்பியவர்கள் என்ன செய்வது? வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். உடனே 1930-க்கு போன் செய்யுங்கள், அது சைபர் குற்ற உதவி எண். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. cybercrime.gov.in தளத்திலும் புகார் கொடுக்கலாம். யூபிஐ பரிவர்த்தனை எண் 12 இலக்கம் இருக்கும், அதைக் குறித்து வையுங்கள். கோபத்தில் அவர்கள் அனுப்பிய மெசேஜை அழித்துவிடாதீர்கள், சாட்சியே அதுதான். அப்புறம், "பணத்தைத் திருப்பித் தருகிறோம், யூபிஐ பின் நம்பரைப் போடுங்கள்" என்று அவர்களே மறுபடியும் வருவார்கள். நமக்குப் பணம் வர யூபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. போட்டால் இருப்பதும் போய்விடும்.

அந்தச் சேனலுக்குப் போய்த் திட்டிப் பயனில்லை. சேனல் பக்கத்தில் மேலே மூன்று புள்ளி இருக்கும், அதைத் தொட்டு, ஆள்மாறாட்டம் என்று புகார் கொடுங்கள். நாங்களும் கொடுத்துவிட்டோம்.

போன் செய்த அந்த அம்மா 1930-இல் புகார் கொடுத்துவிட்டார். பணம் திரும்பி வருமா என்று இனிமேல்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு அபிஷேகம் நேரலை வரும். அதில் எந்த மூலையிலும் க்யூஆர் கோடு இருக்காது. இருந்தால் நீங்கள் பார்ப்பது வேறு சேனல்.