என்னைப் பற்றி: 8 மாத ஏஜென்ட், 11 வருஷ கவுன்ட்டர்

வீடு வாங்க, விற்க, வாடகைக்குப் பிடிக்க உதவும் ஏஜென்ட் நான். உரிமம் வாங்கி 8 மாதம் ஆகிறது. இதுவரை முடித்துக் கொடுத்தவை நான்கு: மூன்று வாடகை, ஒரு விற்பனை. அந்த விற்பனையையும் நான் தனியாக முடிக்கவில்லை. எங்கள் அலுவலகத்தின் மூத்த ஏஜென்ட் கடைசி வரை கூடவே இருந்தார். "எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கீங்க?" என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி. மழுப்பிப் பதில் சொல்ல எனக்கு வராது, அதனால் நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

இதற்கு முன் 11 வருஷம் ஒரு மருத்துவமனையின் பில்லிங் கவுன்ட்டரில் இருந்தேன். வீட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். கவுன்ட்டருக்கு வருகிறவர் இரண்டு நாளாகத் தூங்கியிருக்க மாட்டார். கையில் நாலு பக்க பில் இருக்கும். புரியவில்லை என்று சொல்லவும் கூச்சம். நான் பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியாக, இது எதற்கு, இது ஏன் இரண்டு தடவை வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போவேன். சில நாள் அப்படிப் போகும்போது எங்கள் பக்கத் தப்பே அகப்படும். திருத்தி, புது பில் அடித்துக் கொடுப்பேன். பெரிய தொகையை நினைத்துப் பதறி உட்கார்ந்திருக்கிறவரிடம் எப்படிப் பேசுவது என்பதை அங்கேதான் படித்தேன். வீடு வாங்க வருகிறவரும் அதே முகத்தோடுதான் வருகிறார். (அந்த வேலையை விட்டதற்குக் காரணம் இரவு ஷிப்ட். வேறு கதை ஒன்றும் இல்லை.)

என்னுடைய அந்த ஒரே விற்பனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். வாங்க வந்தவர்கள் ஒரு தம்பதி, அவர்களுக்கு இது முதல் வீடு. பகலில் ஒரு முறை பார்த்தோம், இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. மறுபடி சாயங்காலம் போகலாம் என்று நான்தான் இழுத்தேன். விளக்குப் போட்டதும் படுக்கையறையின் ஒரு மூலை மட்டும் மற்ற சுவர்களைவிடப் பளிச்சென்று தெரிந்தது. அலமாரிக்குப் பின்னால் வரைக்கும் புது பெயின்ட். வீட்டுக்காரரிடம் நேராகவே கேட்டேன். அவரும் ஒளிக்கவில்லை. உள்ளே போகும் தண்ணீர்க் குழாய் கசிந்ததாம், மாற்றியாகிவிட்டதாம், பிளம்பர் கொடுத்த ரசீதையும் எடுத்துக் காட்டினார். அதற்குப் பிறகும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு கட்டட இன்ஜினியரை அழைத்து வந்து ஈரம் பார்க்கச் சொன்னோம். சுவர் காய்ந்திருந்தது. வாங்கிவிட்டார்கள். இதில் என் திறமை என்று பெரிதாக எதுவும் இல்லை. இரண்டாவது தடவை போனதுதான்.

அப்போதிலிருந்து விற்பனைக்கு வரும் எந்த வீட்டையும் பகலில் ஒன்று, இருட்டியபின் ஒன்று என்று இரண்டு முறை காட்டாமல் விலை பேச உட்காருவதில்லை. பையில் டேப், டார்ச், ஒரு போன் சார்ஜர் எப்போதும் இருக்கும். சார்ஜரை ஒவ்வொரு பிளக்கிலும் செருகிப் பார்த்தால் எந்தப் பாயின்ட்டில் கரன்ட் வரவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுவேன், ஒன்றில் தண்ணீர் சட்டென்று மெலிந்தால் அதையும் குறித்துக்கொள்வேன். அளவு விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் பிடிவாதம். விளம்பரத்தில் போட்டிருக்கும் சதுர அடி பெரும்பாலும் சுவரின் கனத்தையும் சேர்த்த பில்டப் ஏரியா. சில கட்டடங்களில் படிக்கட்டு, வராந்தாவின் பங்கும் அதில் ஏறியிருக்கும். நீங்கள் கட்டில் போடப்போவது சுவருக்கு உள்ளே இருக்கும் கார்பெட் ஏரியாவில். அதனால் அறைகளை நானே அளந்து ஒரு தாளில் எழுதித் தருவேன்.

ஒரு தப்பும் செய்திருக்கிறேன். என் இரண்டாவது வாடகை வீட்டில், கார் நிறுத்தும் இடம் வாடகையில் சேர்த்தியா என்று கேட்க விட்டுவிட்டேன். கீழே இடம் இருந்ததைப் பார்த்து நானாகவே சேர்த்தி என்று நினைத்துக்கொண்டேன். குடிவந்த முதல் வாரமே, அது மேல்வீட்டுக்காரருடையது என்று தெரிந்தது. வீட்டுக்காரரிடம் நாலு தடவை நடந்து, பக்கவாட்டில் ஓர் இடத்துக்கு ஒப்புதல் வாங்கி, அதை ஒப்பந்தத்திலும் எழுத வைத்தேன். என் கமிஷனில் பாதியை அந்தக் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது என் நோட்டில் முதல் கேள்வியே பார்க்கிங்தான்.

எனக்குத் தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். கடை, அலுவலக இடம், விவசாய நிலம் ஆகியவற்றை நான் எடுப்பதில்லை. அப்படி யாராவது வந்தால் அதில் பழகின வேறு ஏஜென்ட்டிடம் அனுப்பிவிடுவேன். பத்திரத்தை வாங்கிப் படிப்பேன், பெயரும் எல்லையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன், சந்தேகம் வந்த இடத்தில் பென்சிலால் கோடு போடுவேன். ஆனால் வில்லங்கம் இல்லை என்று நான் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அதை வக்கீல் சொல்ல வேண்டும், அவரும் நீங்களாகப் பார்த்து வைத்துக்கொண்டவராக இருந்தால் நல்லது. இன்னும் ஐந்து வருஷத்தில் விலை இரட்டிப்பாகும் என்கிற பேச்சு என்னிடம் கிடைக்காது. அது யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நீங்கள் கையெழுத்துப் போடும் எந்தத் தாளையும் அதற்கு முன் எங்கள் மூத்த ஏஜென்ட் ஒரு முறை படித்துவிடுவார். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. நான் புதுசு என்பதால் அலுவலகத்தில் நாங்களே வைத்துக்கொண்ட ஏற்பாடு இது.

கமிஷன் எவ்வளவு, எப்போது, யார் தருவது என்பதை முதல் வீட்டைக் காட்டுவதற்கு முன்பே எழுதித் தருவேன். விற்கிறவரிடமிருந்தும் எனக்குப் பணம் வருகிறது என்றால் அதுவும் அந்தத் தாளில் இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் விலையைக் குறைக்கச் சொல்லி நான் பேசும்போது நீங்கள் ஒரு கண் வைத்திருப்பதில் தப்பில்லை.

ஒரே சமயத்தில் ஐந்து குடும்பங்களுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. ஆறாவதாக வருகிறவரிடம் எத்தனை நாள் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிடுவேன், அவசரம் என்றால் அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். புது ஏஜென்ட்டிடம் நேரம் நிறைய இருக்கும் என்பார்கள், வாஸ்தவம்தான். அந்த நேரத்தை வீடு பார்க்கச் செலவழிக்கிறேன்.

முதல் சந்திப்புக்குப் பணம் வேண்டாம், முக்கால் மணி நேரம் போதும். வரும்போது இரண்டு விஷயத்தை மட்டும் யோசித்துக்கொண்டு வாருங்கள்: மாதம் எவ்வளவு கட்டினால் உங்களுக்கு மூச்சு முட்டாது, இப்போது இருக்கும் வீட்டில் தினமும் எரிச்சல் தருவது எது. மற்றதைப் பேசிக்கொள்ளலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினீர்கள் என்றால் ஒரே ஒரு தடவை போன் செய்வேன், அப்புறம் தொந்தரவு செய்ய மாட்டேன். நீங்கள் கூப்பிடும்போது நான் எடுக்கவில்லையென்றால் யாருக்கோ வீடு காட்டிக்கொண்டிருப்பேன். அன்று இரவு எட்டு மணிக்குள் நானே திருப்பிக் கூப்பிடுவேன்.