இரண்டு வரிகள்

கல்மண்டபத்துக்கு அருகிலுள்ள வங்கிக் கிளையில் எழுத்தராக இருந்த குமரேசனின் முதல் சிறுகதையை ஒரு சிற்றிதழ் ஏற்றுக்கொண்டு, ஐந்து வரிக்கு மிகாமல் தன்னைப் பற்றிய குறிப்பொன்றை அனுப்பும்படி கேட்டிருந்தது. கதையை மூன்று வாரத்தில் முடித்தவனுக்கு அந்த ஐந்து வரி பத்து நாளாகியும் முடியவில்லை. உணவு இடைவேளையில் அலுவலகக் கணினியிலேயே எழுதுவான். எழுதியதை அழிக்க மனமில்லாமல் அதன் கீழேயே வேறொன்றை எழுதி வைப்பான்.

அது ஜூன் முதல் வாரம். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலம். காசிமேட்டுப் பெண்கள் கம்மலும் சங்கிலியுமாக நகைக்கடன் கவுண்டரில் வந்து நிற்கும் காலமும் அதுதான். அந்தக் கடன்களைப் பற்றிய குறிப்பைத் தணிக்கைக்காக மாலைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார் மேலாளர். ரொக்கம் சரிபார்த்து முடித்த களைப்பில், 'குறிப்பு' என்று பெயர் தொடங்கும் இரண்டு கோப்புகளில் ஒன்றை இணைத்து அனுப்பிவிட்டான். தவறிய கோப்பு எது என்று அவன் கண்டுகொண்டபோது பத்து நிமிடம் கடந்திருந்தது.

மேலாளரின் அறைக்குள் அவன் போனபோது அந்தக் கோப்பு அவர் திரையில் திறந்தே இருந்தது. 'காசிமேட்டில் பிறந்தவன். என் தாய் கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்று என்னைப் படிக்க வைத்தார்' என்பது முதல் வரி. அதற்குக் கீழே, 'வடசென்னையில் சிறுவணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தவன்' என்றிருந்தது.

"மன்னிச்சிடுங்க மேடம், கோப்பு மாறிப் போச்சு. அசலை இப்பவே அனுப்பிடுறேன்."

"அனுப்புங்க. ரெண்டு வரி இருக்கே குமரேசன், இதுல எது போகுது?"

அவனால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கீழுள்ள வரியும் பொய்யில்லை என்றுதான் இத்தனை நாளும் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் அன்று காலையில்கூட, தாலிச் சரட்டை நீட்டிய ஒரு பெண்ணின் விரல்களில் மீன்முள் கீறிய தழும்புகளைப் பார்த்தபோது, அவனுக்குத் தன் தாயின் கைகள்தாம் நினைவுக்கு வந்தன.

"அம்மா எத்தனை வருஷம் வித்தாங்க?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

அதுவும் அவனுக்குத் தெரியவில்லை.

நகைக்கடன் குறிப்பைத் திறந்து பார்த்து, கடைசிப் பக்கம் வரை சரிபார்த்த பிறகே அனுப்பினான். பிறகு படிக்கட்டில் நின்று வீட்டுக்குப் போன் செய்தான்.

"அம்மா, நீ எப்ப கூடை தூக்க ஆரம்பிச்ச?"

"இன்னாடா இப்ப திடீர்னு? நீ வயித்துல இருக்க சொல்லவே தூக்கினேன். இருபத்தாறு வருஷம். எதுக்குக் கேக்குற?"

"எழுதணும்மா" என்றான்.