மகளின் கணக்குத் தாள்: ஒவ்வொரு பயிற்சியும் என்ன கேட்கிறது

அக்கா, நீங்கள் அனுப்பிய ஜெர்மன் தாளின் விளக்கம் இது. விடை எதுவும் எழுதவில்லை. எடுத்துக்காட்டுக்கு நான் தரும் எண்கள் தாளில் இல்லாதவை. தாள் இரண்டாம் வகுப்புக்கானது, 100 வரையான எண்கள். வியாழக்கிழமை கொடுக்க வேண்டும். கடைசிக் கோட்டில் "உண்டர்ஷ்ரிஃப்ட்" என்று இருப்பது உங்கள் கையொப்பத்துக்கு.

பயிற்சி 1, எண் சுவர். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு கற்களைக் கூட்டி, அவற்றின் மேலே இருக்கும் கல்லில் எழுத வேண்டும். 6, 9 அருகருகே இருந்தால் மேலே 15. முதல் இரண்டு சுவரும் கீழிருந்து மேலே போகும். மூன்றாவதில் மேல் கல் தரப்பட்டு, கீழே இடைவெளி இருக்கிறது. அங்கே கழித்துக் கீழே இறங்க வேண்டும். அதையும் கூட்டப் போனால்தான் பிள்ளைகள் சிக்கிக்கொள்வார்கள்.

பயிற்சி 2 "நாஹ்பார்ட்சேனர்" கேட்கிறது, அதாவது எண்ணுக்கு முன்னும் பின்னும் வரும் முழுப் பத்துகள். 72 என்றால் 70, 80. "நாஹ்பார்ட்சாலன்" என்பது வேறு, அது 71, 73. இரண்டு சொல்லும் ஒன்றுபோலத் தெரியும், மகள் எதை வாசிக்கிறாள் என்று பாருங்கள்.

பயிற்சி 3 எழுத்தில் உள்ள எண்ணை இலக்கத்தில் எழுதச் சொல்கிறது. கவனம் வேண்டியது இங்கேதான். தமிழில் ஐம்பத்து மூன்று என்று பத்தை முதலில் சொல்கிறோம். ஜெர்மனில் "ட்ரைஉண்ட்ஃப்யூன்ஃப்சிக்", மூன்றும் ஐம்பதும். கேட்ட வரிசையிலேயே எழுதினால் 35 ஆகிவிடும். சொல்லின் பின்பாதியை முதலில் வாசித்துப் பத்தின் இலக்கத்தை எழுதிவிட்டு, பிறகு ஒன்றின் இலக்கத்தை எழுதச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் இந்தப் பயிற்சியின் கடைசி வரி வெட்டுப்பட்டிருக்கிறது, அதை மகளிடம் உள்ள தாளில் பாருங்கள்.

பயிற்சி 4 வசனக் கணக்கு. அதன் தமிழ்: "பேருந்தில் 34 பிள்ளைகள் இருக்கிறார்கள். தரிப்பிடத்தில் 8 பேர் இறங்குகிறார்கள். 15 பேர் ஏறுகிறார்கள்." இறங்குவதும் ஏறுவதும் ஜெர்மனில் "ஷ்டைகன்" என்ற ஒரே வினைதான். வாக்கியத்தின் கடைசியில் "அவுஸ்" வந்தால் இறங்குவது, "ஐன்" வந்தால் ஏறுவது. ஆகவே முற்றுப்புள்ளி வரை வாசித்த பிறகே கணக்குப் போட வேண்டும். கீழே மூன்று கோடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜெர்மன் எழுத்து: எஃப் என்றால் கேள்வி, எர் என்றால் கணக்கு, ஆ என்றால் விடை. கேள்வி தாளில் இல்லை, அதை மகளே யோசித்து எழுத வேண்டும். விடையைத் தனி எண்ணாக எழுதினால் போதாது, முழு வாக்கியமாக வேண்டும்.

நட்சத்திரம் போட்டது விரும்பினால் செய்வது: மேல் கல்லில் 100 வரும்படி ஒரு சுவரைத் தானே உருவாக்குவது. சரியான சுவர்கள் பல உண்டு, ஆகவே தோழியின் தாளோடு ஒத்துப்போகாவிட்டாலும் பிழையில்லை.