தரம் 10 நேரக் கொப்பி: எழுதும் முறையும் கணக்குப் பார்க்கும் முறையும்

பிள்ளைகள்,

போன தவணைப் புள்ளி வந்தபோது உங்களில் கனபேர் ஒரே பதிலைத்தான் சொன்னீர்கள்: "படிக்க நேரம் கிடைக்கேல்லை, ரீச்சர்." நான் அதை நம்புகிறேன். ஆனால் நேரம் எங்கே போகிறதென்று உங்களுக்கும் சரியாகத் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் வரும் திங்கள் தொடங்கி ஞாயிறு வரை எழுதிப் பார்ப்போம். 2017இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நாடு முழுவதும் இப்படியொரு நேரப் பயன்பாட்டு அளவீடு செய்தது. நாங்கள் ஒரு வகுப்புக்குச் செய்கிறோம்.

கொப்பியில் நாலு நிரல் கீறுங்கள்: நேரம், செய்தது, கூடவே செய்தது, குறி. ஐந்து நிமிடம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. படுக்கும்போது முழு நாளையும் நினைத்து நினைத்து எழுத வேண்டாம். அப்படி எழுதினால் படிப்பு கூடிவிடும், போன் குறைந்துவிடும். இடைவேளையில் ஒருதரம், மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஒருதரம், படுக்கமுன் ஒருதரம் எழுதுங்கள். பெயர் வேண்டாம், இலக்கம் மட்டும் போடுங்கள். இதற்குப் புள்ளி இல்லை. வீட்டாருக்கும் காட்டமாட்டேன்.

குறிகள்: பா பாடசாலை, ப படிப்பும் ரியூசனும், வீ வீட்டுவேலை, வ வழிப்பயணம், உ சாப்பாடு குளிப்பு, பொ பொழுதுபோக்கு, நி நித்திரை.

போன வருடம் படித்த ஒரு பிள்ளை, பெயர் போடாமல் காட்டச் சம்மதித்த ஒரு செவ்வாய்க்கிழமை இது:

4.30–5.00 முற்றம் கூட்டி, கிணற்றில் தண்ணீர் அள்ளினேன் (வீ)
5.00–5.45 வரலாறு படித்தேன் (ப)
5.45–6.30 ரொட்டி சுட்டு, தம்பியை வெளிக்கிடுத்தினேன் (வீ)
6.30–6.50 குளிப்பு, சாப்பாடு (உ)
6.50–7.20 சைக்கிள் (வ)
7.20–1.30 பாடசாலை (பா)
1.30–2.30 சைக்கிள் காற்றுப் போய் உருட்டிக்கொண்டு வந்தேன் (வ)
2.30–3.00 சாப்பாடு (உ)
3.00–4.30 பாத்திரம், ஆடு கட்டினது. கூடவே தம்பியைப் பார்த்தேன் (வீ)
4.30–5.00 ரியூசனுக்குப் போனேன் (வ)
5.00–6.15 கணிதம் (ப)
6.15–6.45 வீட்டுக்கு (வ)
6.45–7.30 அம்மாவோடு சமையல் (வீ)
7.30–8.30 வீட்டுப்பாடம், கூடவே தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தேன் (ப)
8.30–9.00 சாப்பாடு (உ)
9.00–9.45 போன் (பொ)
9.45–4.30 நித்திரை (நி)

இனிக் கணக்கு. ஒவ்வொரு குறிக்கும் நிமிடங்களைக் கூட்டுங்கள். இவளுக்கு நித்திரை 405, பாடசாலை 370, வீட்டுவேலை 210, படிப்பு 180, வழி 150, உ 80, பொழுதுபோக்கு 45. எல்லாம் சேர்ந்து 1440 வர வேண்டும். ஒரு நாளுக்கு அவ்வளவுதான். உங்களுக்குக் குறைந்தால் எங்கோ ஒரு இடைவெளி விட்டிருக்கிறீர்கள், கூடினால் ஒரு நேரத்தை இரண்டுதரம் எண்ணியிருக்கிறீர்கள். "கூடவே" நிரலை இந்தக் கூட்டலில் சேர்க்க வேண்டாம்.

ஆனால் அந்த நிரலை வடிவாகப் பாருங்கள். 180 நிமிடப் படிப்பில் ரியூசன் 75. வீட்டில் 105. அதிலும் 60 நிமிடம் தம்பியும் பக்கத்தில். தனியாக இருந்து படித்தது விடிய 45 நிமிடம் மட்டுமே. போனும் 45தான். போனைப் பறித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தவள் நான். இந்தத் தாளைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன்.

கிழமைச் சராசரிக்கு ஏழு நாளின் நிமிடங்களையும் கூட்டி 7ஆல் வகுக்க வேண்டும். ஒரு பாடசாலை நாளையும் ஒரு ஞாயிறையும் மட்டும் கூட்டி 2ஆல் வகுத்தால் பிழைக்கும். பாடசாலை நாள் ஐந்து, லீவு நாள் இரண்டு அல்லவா? காற்றுப் போன நாள் போல ஒரு நாள் வழமைக்கு மாறாக இருந்தால், ஐந்து பாடசாலை நாள்களின் வழிநேரத்தைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி, நடுவில் வரும் மூன்றாவதை எடுங்கள். அதுதான் உங்கள் வழமை.

வகுப்புக்குச் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கவனம் வேண்டும். ஐந்து பேரில் இரண்டு பேர் மட்டும் 60 நிமிடம் தண்ணீர் அள்ளினால் சராசரி 24 என்று வரும். அந்த 24 யாருடைய நாளிலும் இல்லை. எத்தனை பேர் செய்தார்கள், செய்தவர்களுக்கு எவ்வளவு நேரம் என்று இரண்டையும் எழுதுவோம். ஆண்பிள்ளைகள், பெண்பிள்ளைகளின் வீ, வ நிமிடங்களையும் பிரித்துப் பார்ப்போம்.

கடைசியாக, சதுரக் கொப்பியில் ஒரு சதுரத்துக்கு 15 நிமிடமாக, நாளுக்கு 96 சதுரம் எடுத்து நிறம் தீட்டுங்கள். ஏழு நாளும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரட்டும். படிப்பு நிறம் துண்டு துண்டாகக் கிடக்கிறதா, ஒரு நீளமாக இருக்கிறதா என்று பார்த்தவுடன் தெரியும். வீட்டுப்பாடம் எந்த நாளில் எவ்வளவு தருவதென்று நானும் மற்ற ஆசிரியர்களும் அதைப் பார்த்துத்தான் பேசப்போகிறோம்.

கொப்பியை அதற்கடுத்த திங்கள் முதலாம் பாடவேளைக்குக் கொண்டுவாருங்கள். நானும் ஏழு நாள் எழுதிக் கொண்டுவருகிறேன்.

உங்கள் வகுப்பாசிரியை