கழுத்து, மணிக்கட்டு வலி குறித்த பணிச்சூழலியல் மதிப்பீட்டு அறிக்கை

பெறுநர்: நிர்வாக இயக்குநர், பாதுகாப்பு, சுகாதாரக் குழுத் தலைவர்
பணியிடம்: சுங்க ஆவணப் பிரிவு, இரண்டாம் மாடி, லெபு பந்தாய், ஜார்ஜ்டவுன், பினாங்கு
மதிப்பீடு நடந்த நாள்கள்: 2025 ஜூலை 22, 23
அறிக்கை நாள்: 2025 ஆகஸ்ட் 4

மதிப்பீட்டுக்கான காரணம்

இவ்வாண்டின் முதல் ஆறு மாதங்களில் ஆவணப் பிரிவின் 17 ஊழியர்களில் ஐவர் கழுத்து வலி அல்லது மணிக்கட்டு வலிக்காக மொத்தம் 23 நாள்கள் மருத்துவ விடுப்பு எடுத்திருக்கிறார்கள். அதன்பேரில் நிர்வாகம் இரண்டு கேள்விகளை என்னிடம் முன்வைத்தது. வலிக்கு வேலைதான் காரணமா என்பது ஒன்று. பிரிவு முழுவதற்கும் புதிய நாற்காலிகள் வாங்கினால் சரியாகிவிடுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு என் விடை, பெருமளவு ஆம். இரண்டாவது கேள்விக்கு விடை, இல்லை. அப்படிச் சொல்வதற்கான காரணங்களைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

மதிப்பிட்ட முறை

தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2017இல் வெளியிட்ட பணிச்சூழலியல் இடர் மதிப்பீட்டு வழிகாட்டியின் வரிசைப்படி வலிக் கணக்கெடுப்பு, தொடக்க நிலை மதிப்பீடு, விரிவான மதிப்பீடு ஆகிய மூன்றும் செய்யப்பட்டன. வினாத்தாளை 17 பேரும் நிரப்பினார்கள். கடந்த ஏழு நாள்களில் கழுத்திலோ பிடரியிலோ வலி இருந்ததாக 12 பேரும், மணிக்கட்டில் வலி இருந்ததாக 9 பேரும் எழுதியிருந்தார்கள். இவர்களில் 7 பேருக்கு இரண்டு இடத்திலும் வலி. எந்த வலியும் இல்லை என்றவர்கள் மூன்று பேர் மட்டுமே. வலி அதிகமாக இருந்த ஆறு பேரின் மேசைகளை அளந்து, அவர்கள் வேலை செய்வதைக் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் அருகிலிருந்து கவனித்தேன். அலுவலக வேலைக்கென்று உருவாக்கப்பட்ட ரோசா மதிப்பீட்டில் 5 புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் மேற்கொண்டு நடவடிக்கை தேவை. இந்த ஆறு மேசைகளில் ஐந்து அந்த வரம்பை எட்டிவிட்டன; மிக உயர்ந்த புள்ளி 7.

ஊழியர்களின் பெயர்கள் இந்த அறிக்கையில் இல்லை. அவர்கள் என்னிடம் மனம்விட்டுப் பேசியது அந்த உறுதியை நம்பித்தான்.

கண்டவை

முதன்மையான காரணம் மேசைமீது படுத்துக் கிடக்கும் தாள். ஏற்றுமதியாளர் அனுப்பும் விலைப்பட்டியலையும் பொதி விவரத்தையும் அச்செடுத்து, விசைப்பலகைக்கு இடப்பக்கம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் பார்த்துக் கே1, கே2 சுங்க அறிவிப்புகளில் பதிவு செய்கிறார்கள். எட்டாவது மேசையில் இருப்பவர் 20 நிமிடத்தில் எத்தனை முறை தலையை இடப்பக்கம் கீழே சாய்த்துத் திரைக்குத் திருப்புகிறார் என்று எண்ணினேன். 143 முறை. மனிதத் தலையின் எடை ஏறத்தாழ ஐந்து கிலோ. கழுத்து நேராக இருக்கும்போது முதுகெலும்பே அதைத் தாங்கிக்கொள்கிறது. முன்னே குனிந்தால் பிடரித் தசைகள் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும், பக்கவாட்டில் திரும்பியபடி குனிந்தாலோ ஒரு பக்கத் தசைகளே கூடுதல் பாரத்தைச் சுமக்கின்றன. கழுத்து வலி உள்ள 12 பேரில் 9 பேர் இடப்பக்கமே அதிகம் வலிப்பதாகச் சொன்னது தற்செயல் அல்ல.

அதே மேசையில் இன்னொன்றையும் பார்த்தேன். கப்பல் முகவர் தொலைபேசியில் கொள்கலன் எண்ணைச் சொல்லச் சொல்ல, அந்த ஊழியர் கருவியைக் காதுக்கும் தோளுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்தார். நான் கேட்டபோது, "ரெண்டு கையும் வேணும் மேடம், போனைத் தோள்ல வைக்காம எப்படி?" என்றார். அவர் சொல்வது சரி. அந்த வேலையைச் செய்ய அவருக்கு வேறு வழி தரப்படவில்லை.

மேசைகளின் உயரம் 75 செ.மீ., மாற்ற முடியாதது. பாதம் தரையில் படிய அமரும்போது எட்டுப் பெண் ஊழியர்களின் முழங்கை உயரம் தரையிலிருந்து 60 முதல் 65 செ.மீ. வரைதான் இருக்கிறது. ஆகவே அவர்கள் தோளைத் தூக்கி, மணிக்கட்டை மேல்நோக்கி மடித்துத் தட்டச்சு செய்கிறார்கள்; நாற்காலியை உயர்த்தினால் கால் அந்தரத்தில் தொங்குகிறது. ஓர் ஊழியர் இரண்டு ஏ4 தாள் கட்டுகளைப் பழுப்பு நாடாவால் ஒட்டிக் காலடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியை அதற்கேற்ப உயர்த்தியிருந்தார். எண்ணற்ற வழிகாட்டிகள் சொல்லும் தீர்வை அவர் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்திருக்கிறார். வலி இல்லாத மூவரில் அவரும் ஒருவர்.

மணிக்கட்டு வலி பெரும்பாலும் வலக்கையில்தான் இருக்கிறது. எண் விசைகள், மவுஸ் இரண்டையும் ஒரே கை இயக்குகிறது என்பதே இதற்குக் காரணம். எண் பகுதி வலப்பக்கம் நீண்டிருப்பதால் மவுஸ் இன்னும் தள்ளிப்போய், கை உடலைவிட்டு விலகி நீள்கிறது. மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் வளைகிறது. மணிக்கட்டை வைப்பதற்கென்று ஊழியர்கள் சொந்தப் பணத்தில் வாங்கிய மென்மெத்தைகளையும் நாலைந்து மேசைகளில் பார்த்தேன். தட்டச்சு செய்யும்போதே மணிக்கட்டை அதன்மேல் ஊன்றினால், நடு நரம்பு செல்லும் இடத்தின் மீதே அழுத்தம் விழும். தட்டச்சுக்கு இடையே கையை ஓய்வாக வைக்க மட்டுமே அது உதவும் என்பதை அவர்களிடம் நேரிலேயே விளக்கினேன்.

ஈராண்டுக்கு முன் எல்லாத் திரைகளும் ஒரே அளவு தாங்கியின் மேல் உயர்த்தப்பட்டிருக்கின்றன. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் இருபார்வைக் கண்ணாடி அணியும் மூத்த ஊழியர்கள் இருவர், கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியே படிப்பதற்காக நாள் முழுவதும் முகவாயைத் தூக்கிக்கொண்டு இருக்கிறார்கள். அவர்களுக்குத் தாங்கியை எடுத்துவிட்டாலே போதும். மடிக்கணினி மட்டும் வைத்து வேலை செய்யும் மூவருக்கு இதற்கு நேர்மாறான சிக்கல்: திரை மிகத் தாழ்ந்திருக்கிறது.

சன்னலோர வரிசையில் குளிர்சாதனக் காற்று நேராகப் பிடரியில் விழுகிறது. அங்கே வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் இருந்தது. 2010ஆம் ஆண்டு உள்ளகக் காற்றுத்தர நடைமுறை விதித்தொகுப்பு குறிப்பிடும் அளவு 23 முதல் 26 பாகை. காற்றின் திசையை மாற்றித் தட்டியைப் பொருத்தினால் சரியாகும். ஒளியளவில் குறை இல்லை.

வேலை வந்து குவியும் நேரம்

இதுவரை சொன்னவை பொருள்களைப் பற்றியவை. எனக்கு அவற்றைவிட அதிகக் கவலை தருவது நேரம். பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்துக்கான ஆவணங்களில் பெரும்பகுதி மாலை மூன்று மணிக்குப் பிறகே வந்து சேர்கிறது. காலையில் இவர்கள் எழுந்து நடக்கிறார்கள், கோப்பு எடுக்கிறார்கள், தண்ணீர் குடிக்கிறார்கள். மூன்றரை முதல் ஆறேகால் வரை நான் பார்த்த ஆறு பேரில் நால்வர் ஒருமுறைகூட எழவில்லை. சுவரிலுள்ள வெண்பலகையில் ஒவ்வொருவரும் அன்று முடித்த அறிவிப்புகளின் எண்ணிக்கை பெயர்வாரியாக எழுதப்படுகிறது. கழிப்பறைக்குப் போவதைக்கூடத் தள்ளிப்போடுவதாக இருவர் சொன்னார்கள். உட்கார்ந்த தசைக்கு நல்ல நாற்காலி சற்று உதவும். ஏறத்தாழ மூன்று மணி நேரம் அசையாத தசைக்கு எந்த நாற்காலியும் இரத்த ஓட்டத்தைத் தராது.

உடனடிக் கவனம் தேவைப்படும் ஒருவர்

ஊழியர்களில் ஒருவருக்கு வலக்கைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போகின்றன. இரவில் அந்த மரமரப்பால் விழித்துக் கையை உதறிக்கொள்கிறார். சென்ற மாதம் தேநீர்க் குவளையை இருமுறை நழுவவிட்டிருக்கிறார். நோயைக் கண்டறிவது என் பணியன்று. எனினும் இவை நடு நரம்பு நெருக்கப்படுவதன் அடையாளங்களாக இருக்கக்கூடும். தாமதித்தால் கட்டைவிரல் தசை மெலியலாம். அவர் சம்மதத்துடன் இவ்வாரத்திலேயே அவரைத் தொழில்சார் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அதுவரை எண் பதிவு வேலையிலிருந்து சம்பளக் குறைவின்றி விலக்கிவைக்க வேண்டும். தொழில்சார் நோய் என்று மருத்துவர் உறுதி செய்தால், 2004ஆம் ஆண்டு அறிவிப்பு ஒழுங்குமுறைகளின்படி ஏழு நாள்களுக்குள் துறைக்கு முதலாளி தெரிவிக்க வேண்டும். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் கோரிக்கை வைக்கவும் நிறுவனம் அவருக்குத் துணை நிற்க வேண்டும்.

நிர்வாகத்துக்கான பரிந்துரைகள்

ஒன்று, பெயர்வாரி எண்ணிக்கைப் பலகையை இப்போதே அகற்றுங்கள். பிரிவின் மொத்த எண்ணிக்கை மட்டும் மேற்பார்வையாளரிடம் இருக்கட்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. ஆனால் இந்த அறிக்கையில் நான் மிக அழுத்தமாகக் கேட்பது இதைத்தான்.

இரண்டு, வாடிக்கையாளர்களிடம் பேசி, ஆவணம் பெறும் நேரத்தைக் காலை 11 மணி, பிற்பகல் 3 மணி என இரண்டாகப் பிரியுங்கள். எல்லோரும் ஒத்துழைக்க மாட்டார்கள் என்பது தெரியும். ஆவணங்களை அதிகம் அனுப்பும் நாலைந்து வாடிக்கையாளர்கள் ஒப்புக்கொண்டாலே மாலை நெரிசல் கணிசமாகத் தளரும். மாலையில் அரைமணிக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் எழுந்து நிற்பதை மேற்பார்வையாளரே முதலில் செய்து காட்டட்டும். சுவரொட்டி ஒட்டுவதால் யாரும் எழுவதில்லை.

மூன்று, பொருள்கள். விசைப்பலகைக்கும் திரைக்கும் நடுவே சாய்வாக நிற்கும் தாள்தாங்கி 17 பேருக்கும் வேண்டும் (1,530 ரிங்கிட்). தொலைபேசியில் அதிகம் பேசும் ஒன்பது பேருக்குத் தலையணிக் கருவி (990 ரிங்கிட்), எட்டுப் பேருக்குக் கால்மணை (560 ரிங்கிட்), மணிக்கட்டு வலி மிகுந்த ஆறு பேருக்குக் குறுகிய விசைப்பலகையும் தனி எண் பலகையும் (840 ரிங்கிட்), மடிக்கணினியாளர் மூவருக்குத் தாங்கியும் தனி விசைப்பலகையும் (390 ரிங்கிட்) தேவை. நாற்காலிகளில் கைப்பிடி உடைந்த அல்லது உயரம் நிற்காத நான்கை மட்டும் மாற்றினால் போதும் (2,200 ரிங்கிட்). மொத்தம் ஏறத்தாழ 6,510 ரிங்கிட். 17 புதிய நாற்காலிகளுக்கு நீங்கள் பெற்ற விலைமதிப்பு 20,400 ரிங்கிட். அவை தாளைத் தூக்கி நிறுத்தாது, தோளிலிருந்து தொலைபேசியை இறக்காது.

விரும்புவோர் மவுஸை இடக்கைக்கு மாற்றிப் பழகலாம். முதல் இரண்டு வாரம் வேகம் குறையும். அந்தக் குறைவை அவர்கள் கணக்கில் ஏற்ற வேண்டாம். யாரையும் கட்டாயப்படுத்தவும் வேண்டாம்.

நான்கு, வலியை முறையிட்டவர் எவரும் ஆண்டு மதிப்பீட்டில் அதனால் பாதிக்கப்பட மாட்டார் என்பதை எழுத்தில் தாருங்கள். வினாத்தாளில் வலியைக் குறித்தவர்களில் மூவர் அதை மேலாளரிடம் ஒருபோதும் சொன்னதில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகும் என்ற அச்சமே காரணம். 1994ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளிமீது சுமத்தும் கடமை, ஊழியர் முறையிடும்வரை காத்திருப்பதன்று. நிறுவனத்தில் மொத்தம் 46 பேர் பணிபுரிவதால் பாதுகாப்பு, சுகாதாரக் குழு சட்டப்படி இருந்தே ஆக வேண்டும். அதில் ஆவணப் பிரிவிலிருந்து இதுவரை ஒருவரும் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு முன் அப்பிரிவினரே ஒருவரைத் தேர்ந்தெடுக்கட்டும்.

காலவரை

பலகை, மருத்துவரிடம் அனுப்புதல், திரைத்தாங்கி அகற்றல், காற்றுத் தட்டி ஆகியவை ஆகஸ்ட் 8க்குள். பொருள்கள் ஆகஸ்ட் இறுதிக்குள். ஆவண நேர மாற்றம் செப்டம்பர் இறுதிக்குள். பொருள்கள் வந்த அன்று ஒவ்வொரு மேசையையும் அதில் அமர்பவரை வைத்தே சரிசெய்ய நான் நேரில் வருகிறேன். பெட்டியைப் பிரித்து மேசையில் வைப்பதோடு விட்டுவிட்டால் அவை ஒரு மாதத்தில் அலமாரிக்குப் போய்விடும். நவம்பர் முதல் வாரத்தில் இதே வினாத்தாளை இதே 17 பேரிடமும் மீண்டும் கொடுத்து, எட்டாவது மேசையில் மாலை நான்கு மணிக்கு மறுபடியும் 20 நிமிடம் எண்ணுவேன்.

பணிச்சூழலியல் மதிப்பீட்டாளர்
ஜார்ஜ்டவுன், பினாங்கு